வடக்கு எல்லையில் ஒரு தங்கை

பெரிய வீட்டுச் செப்பேடுகளை உருக்கி விற்றுவிட்டார்கள் என்றுதான் முதலில் காதில் விழுந்தது. சொன்னவர் சுவடிக் கூடத்து வாசற்காவலர். ஊர்ச் செய்தியெல்லாம் அவர் வாய்வழியாகவே வருவதால் அவருக்கு ‘வானொலி’ என்று பேர். அவருக்கும் இதை யாரோ பஸ்ஸில் சொன்னார்களாம்.

“நல்லா விசாரிச்சீங்களா?”

“ஒலிபரப்புறதோட என் வேலை முடிஞ்சுதுக்கா. விசாரிக்கிறது கேக்குறவங்க பொறுப்பு.”

அக்கா சிரித்துவைத்தாள். ஆனால் கையிலிருந்த தூரிகை ஓலைமேல் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். காய்ந்த ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவி, கரிபூசி, எழுத்தைத் துலங்கவைத்துப் படியெடுப்பது அவள் பிழைப்பு. அவளே பெரிய வீட்டுப் பெண் என்பது வானொலிக்கும் எட்டாத செய்தி. மனசுக்குப் பிடித்தவரோடு கிளம்பிய அன்றைக்கு அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது: “போறவளுக்கு இந்த வீட்டுல பேரே கெடையாது.” அதோடு பேச்சு நின்றது. இப்போது அவர் வம்ச வரலாறு அச்சடிக்கப்போவதாகக் கேள்வி. அவளுக்கு நிலம் வேண்டாம், நகை வேண்டாம். அதில் வரும் வம்சப் படத்தில் அண்ணன் பேருக்குப் பக்கத்தில் தன் பேரும் இருந்தால் போதும்.

அடுத்த வாரமே அண்ணி துணிப்பையோடு வந்து நின்றாள். அச்சுக்காக ஏடுகளைப் படித்துத் தரச்சொல்லி அண்ணன் அனுப்பியிருந்தார். படிக்கப்போவது யாரென்று அவருக்குத் தெரியாது. அண்ணிக்குத் தெரியும்.

பைக்குள் இரண்டு ஓலைகளோடு செப்பேடுகள் புதுக் குடம் மாதிரிப் பளபளத்தன.

“அண்ணி, என்ன பண்ணுனீங்க?”

“பச்சை பிடிச்சுக் கெடந்துச்சு. அழுக்கோட எப்படிக் குடுக்குறதுன்னு புளி போட்டுத் தேச்சேன்.”

“சாம்பலும் போட்டீங்களா?”

“கொஞ்சூண்டு.”

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். ஓரத்து எழுத்துகள் கொஞ்சம் மழுங்கியிருந்தன. ஆழமாக வெட்டியவை தப்பித்தன. உருக்கியதாகச் சொன்ன வதந்திக்கு இந்தத் தேய்ப்புதான் மூலம் போலும்.

இது தன் குடும்பத்து ஏடு என்று மேலதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். “நீங்க படிங்க, இன்னொருத்தர் தனியாப் படிச்சு ஒத்துப்பாக்கட்டும்” என்றார் அவர்.

செப்பேட்டில் நிலம் கொடுத்த தலைவன், வாங்கிய முப்பாட்டன், சாட்சிகள் என எல்லாரும் ஆண்கள். பாகப்பிரிவினை ஓலைகள் இரண்டிலும் அதே கதை. பேர்களைத் திரட்டுகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். நிலத்தின் நான்கெல்லை சொல்லும் வரிகளை யாரும் பொறுமையாகப் பார்ப்பதில்லை. அக்கா பார்த்தாள்.

செப்பேட்டில் வடக்கு எல்லை ‘மேட்டுக் கொல்லை’. முப்பாட்டனின் மகன்கள் பிரித்துக்கொண்ட ஓலையில் அதே எல்லை, ‘அக்கரை போன தங்கச்சி கொல்லை’. இன்னொரு ஓலையிலும் ‘தங்கச்சி கொல்லை’தான். ஓலைகளில் இருந்தது அறுபது வருடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் ஆண்டுப் பேர் மட்டுமே. எது முந்தியது? இரண்டாம் ஓலையில் பங்கு வாங்கியவர்கள் முதல் ஓலைக்காரர்களைத் தகப்பன் என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் பேரன்கள் காலத்திலும் அந்தக் கொல்லையை யார் பங்கிலும் சேர்க்கவில்லை.

ஒத்துப்பார்த்தவரும் அப்படியே படித்திருந்தார்.

அது அந்தத் தங்கைக்கு எழுதிக்கொடுத்த நிலம் என்று ஓலை சொல்லவில்லை. அவள் பேர்கூட இல்லை. அக்கரை போனவளை அண்ணன்மார் எல்லையில் நிறுத்திவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த மேட்டில்தான் சின்ன வயதில் அண்ணன் அவளுக்குப் பட்டம் விடக் கற்றுக்கொடுத்தார். நூல் அறுந்தால் அவர்தான் ஓடுவார்.

“இதை அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க,” என்றாள் அண்ணி. “நான் சொன்னா, ‘அவ ஓதி அனுப்புனாளா’ம்பாரு.”

“எடுக்கமாட்டாரே, அண்ணி.”

“என் போன்ல பேசுங்க. என் பேரப் பாத்தா பயந்தாவது எடுப்பாரு.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நீட்டிய போனை மெல்லத் தள்ளினாள்.

“வேணாம். என் நம்பர்னு தெரிஞ்சே எடுக்கட்டும்.”

கையிலிருந்த எண்ணெயைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மறக்காத எண்ணை அழுத்தினாள். மேசைமேல் அந்த ஓலை, வடக்கு எல்லை மேலே தெரியக் கிடந்தது.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.