மாமாவும் மாமியும் மூன்று பாப்பாவும்

முனியாயி அக்கா கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் சுக்குக் குடோனில் வேலை செய்கிறாள். இருபத்தாறு வருஷமாகத் தரையில் உட்கார்ந்து, முறத்தில் சுக்கைக் கொட்டி, பெரிசு, நடு, பொடி என்று பிரித்துப் போடுவதுதான் வேலை. கை அதுபாட்டுக்கு ஓடும். தலைக்கு வேலை இல்லை. சும்மா இருக்கிற தலையில் கணக்கு போட ஆரம்பித்தாள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். எனக்கு ஆட்டோதான் பிழைப்பு. ஸ்டாண்டு அந்தக் குடோனுக்கு எதிரே. அதனால் எனக்குத் தெரியாமல் அங்கே ஒன்றும் நடக்காது.

அவள் போடுவது எழுத்துக் கணக்கு. இரண்டு சொல்லை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டல் கோடு போட்டு, கீழே மூன்றாவது சொல்லை எழுதுவாள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண். ஒரே எழுத்துக்கு எங்கே வந்தாலும் ஒரே எண். வேறு எழுத்துக்கு வேறு எண். சொல்லின் முதல் எழுத்து பூஜ்யம் ஆகாது. எண்ணாக மாற்றினால் கூட்டல் சரியாக வர வேண்டும். இங்கே இளசுகளுக்குத் தமிழை விட மலையாள எழுத்துதான் பழக்கம், புள்ளி வைத்த எழுத்தை அடுத்ததோடு சேர்த்துப் படித்துவிடுவார்கள். அதனால் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கட்டம் போட்டே எழுதுவாள். சனிக்கிழமை சாயங்காலம் குடோனின் மரக்கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனால், திங்கட்கிழமைக்குள் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள், மிளகு புடைக்கிற பெண்கள், நாங்கள் எல்லாரும் அதைப் போட்டுப் பார்த்திருப்போம். அவள் அஞ்சாம் வகுப்பு. நான் ஏழு. எனக்கு அவள் கணக்கில் பாதி வராது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

ஓணத்துக்கு முன்னால் தெருவில் ஐந்து குடோனும் சேர்ந்து விழா வைப்பார்கள். பூக்களம், வடம்வலி என்கிற கயிறு இழுக்கும் போட்டி, அதோடு அக்காவின் எழுத்துக் கணக்கும் ஒரு போட்டி. முதலில் சரியான விடை கொடுக்கிறவருக்கு ஒரு நேந்திரம்பழக் குலை. மைக் பிடிக்கிறது குடோனில் கணக்கு எழுதும் ரைட்டர் ரமேஷ்பாபு.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் போட்டியில்தான் வினை வந்தது. சுமட்டுத் தொழிலாளி நௌஷாத் முதலில் எழுந்து விடை கொடுத்தான். ரமேஷ்பாபு கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். அதில் கூட்டுகிற இரண்டு சொல்லில் முதல் சொல்லின் கடைசி எழுத்து 4, அதன் கீழே இருக்கிற இரண்டாவது சொல்லின் கடைசி எழுத்து 3. நௌஷாத் எழுதியதில் 3 மேலே, 4 கீழே. மற்றதெல்லாம் ஒன்றுதான். தப்பு என்று மைக்கில் சொல்லிவிட்டார். நௌஷாத், கூட்டிப் பாருங்கள் என்றான். யாரும் கூட்டவில்லை. மேடையில் நின்ற அக்காவும் கூட்டவில்லை. தான் போட்ட விடை இருக்கும்போது வேறு எதற்கு என்று இருந்துவிட்டாள். குலை வேறு ஒருவனுக்குப் போனது. அன்றிலிருந்து அவனுக்குத் தெருவில் 'தப்புக்கணக்கு' என்று பெயர். மூட்டை எண்ணும்போதுகூட, தப்புக்கணக்கு எண்ணினான், இன்னொரு தடவை எண்ணு என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

மூன்று நாள் கழித்துச் சுக்குப் பிரிக்கும்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அந்த இரண்டு எழுத்தும் ஒரே வரிசையில் மேலும் கீழும் நின்றவை, கணக்கில் வேறு எங்கேயும் வராதவை. நாலும் மூணும் ஏழு, மூணும் நாலும் ஏழு. இடம் மாற்றிப் போட்டால் கூட்டுத்தொகைக்கு ஒன்றும் ஆகாது. ஆக அவன் விடையும் சரி. அவனைத் தேடிப் போய்ச் சொன்னாள். அவன் முகத்தைப் பார்க்காமல், மைக்கில் தப்பு என்றீர்கள், மைக்கில் சரி என்று சொல்லுங்கள் என்றான். நியாயம்தான். ஆனால் மைக் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். போன வருஷம் தெருவில் ஒரு சாவு, விழாவே இல்லை. அக்கா கதவில் கணக்கு எழுதுவதையும் நிறுத்திவிட்டாள்.

இந்த வருஷம் விழா உண்டு என்றதும் ரமேஷ்பாபு அக்காவிடம் கேட்டார். பழையபடி ஆகும் என்றால் வேண்டாம், நெட்டில் இருந்து ஏதாவது எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அக்கா யோசிக்க ஒரு வாரம் டைம் கேட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் ஆட்டோவில் ஏறி, சுள்ளிக்கல் போ என்றாள். நௌஷாத் வீடு அங்கேதான்.

அவன் வீட்டில் லதீஃபா, அவன் பெண்டாட்டி, சாயா போட்டுக் கொடுத்தாள். நௌஷாத் உட்காரச் சொல்லவில்லை, லதீஃபா சொன்னாள். அக்கா ஒரு பேப்பரை விரித்து வைத்தாள்.

மாமா + மாமி = பாப்பா.

லதீஃபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கணக்கு சரியாத்தான் இருக்கு, இதுக்கு எதுக்கு எண்ணு?"

நௌஷாத் சிரிக்கவில்லை. அக்கா விஷயத்தைச் சொன்னாள். விழாவில் முதலில் பழைய தப்பை மைக்கில் சொல்லப் போகிறாள். அப்புறம் இந்தக் கணக்கு. இதற்கு ஒரே ஒரு விடைதானா என்று பார்த்துத் தர வேண்டும். பழைய ஓட்டையை அடைத்துவிட்டேன், 'மா' மூன்று இடத்தில் வருகிறது, 'பா' இரண்டு இடத்தில் வருகிறது, எதையும் இடம் மாற்ற முடியாது என்றாள்.

"நீங்களே பாக்கலாமே, அக்கா. என்னத்துக்கு நானு?"

"நான் பாத்தா என் விடைக்குத்தான் போகுது, தம்பி. எத்தன தடவ போட்டாலும் அங்கதான் போய் நிக்குது. விடை தெரிஞ்சவ கண்ணுக்கு வேற ஒண்ணும் தெரியல."

நௌஷாத் கேட்டான். "நான் பாத்துட்டா அன்னிக்குப் போட்டியில நிக்க முடியாதே. ரெண்டு வருஷமா அதுக்குத்தான் காத்திருக்கேன். எல்லாருக்கும் முன்னால ஒரு தடவ ஜெயிச்சுக் காட்டணும்னு."

அக்காவுக்கு இது முன்னாலேயே தெரியும் போலிருக்கிறது. ஆமாம் என்றாள். வேண்டாம் என்றால் கணக்கையே விட்டுவிடுகிறேன், மைக்கில் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன் என்றாள். நான் சாயா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் இருக்கவே பிடிக்கவில்லை.

நௌஷாத் பேப்பரை இழுத்தான். லதீஃபாவிடம் பேனா கேட்டான்.

"உங்க விடையச் சொல்லாதீங்க," என்றான்.

அவன் போட்ட முறையைச் சொல்கிறேன், எனக்கே புரிந்தது. இரண்டு இலக்க எண் இரண்டைக் கூட்டினால் இருநூறைத் தொடாது. விடை மூன்று இலக்கம். அதனால் 'பா' ஒன்று. அப்படியானால் கடைசி வரிசையில் 'மா'வும் 'மி'யும் கூடி ஒன்றில் முடிய வேண்டும். வெறும் ஒன்றாக முடியாது, ஒன்று 'பா'வுக்குப் போயாச்சு. ஆகவே பதினொன்று. மிச்சம் ஒன்று அடுத்த வரிசைக்கு ஏறும். அங்கே 'மா'வும் 'மா'வும் அந்த ஒன்றும் சேர்ந்து பத்தும் 'ப்'பும் ஆக வேண்டும்.

இது வரைக்கும் அக்காவும் போட்டிருப்பாள். இதற்கு மேல்தான் வித்தியாசம். அக்கா ஆறை வைத்துப் பார்த்தாள், சரியாக வந்தது, நிறுத்திவிட்டாள். நௌஷாத் நிறுத்தவில்லை. 'மா'வுக்கு இரண்டில் தொடங்கி ஒன்பது வரைக்கும் ஒவ்வொன்றாக எழுதினான். இரண்டு, மூன்று, நான்கு வைத்தால் பத்தே எட்டாது, அடித்தான். ஐந்து வைத்தால் 'ப்' ஒன்றாகி 'பா'வோடு மோதுகிறது, அடித்தான். ஆறு வைத்தான்: 66, 65, 131. சரி. ஏழு வைத்தான்: 77, 74, 151. அதுவும் சரி. எட்டு: 88, 83, 171. அதுவும். ஒன்பது வைத்தால் 'ப்'பும் ஒன்பதாகிவிடும், அடித்தான்.

"மூணு பாப்பா," என்றான். அப்போதுதான் சிரித்தான்.

அக்கா பேப்பரைக் கையில் எடுத்து மூன்றையும் விரல் வைத்துக் கூட்டினாள். முகம் சுருங்கிவிட்டது. பழைய ஓட்டையை அடைத்ததும் வேறு ஓட்டை இல்லை என்று நினைத்துவிட்டேன் என்றாள். இதை அப்படியே மேடைக்குக் கொண்டுபோயிருந்தால் இந்தத் தடவை இரண்டு பேரைத் தப்பாக்கியிருப்பாள்.

கணக்கைத் தூக்கிப்போடத்தான் பார்த்தாள். லதீஃபாதான், சொல் நல்லா இருக்கு, அதை விடாதீங்க அக்கா, கூட ஒரு குறிப்பு சேர்த்துச் சொல்லுங்க என்றாள். மூன்று விடையிலும் 'மி' என்ன என்று பார்த்தார்கள். ஐந்து, நாலு, மூன்று. ஒற்றைப்படை என்று சொன்னால் இரண்டு விடை மிஞ்சும். இரட்டைப்படை என்றால் நாலு ஒன்றுதான், 77ம் 74ம் மட்டும் நிற்கும். எண்ணையும் நேரே சொன்னதாக ஆகாது. 'மி இரட்டைப்படை' என்று நௌஷாத் பேப்பரின் அடியில் எழுதினான். அதில் அக்காவின் சொந்த விடையே அடிபட்டுப் போனது.

திரும்பி வரும்போது தோப்பும்படி சிக்னலில், அவன் பார்த்ததை நீயும் ஒரு தடவை முதலில் இருந்து போட்டுப் பார் தம்பி என்று என்னிடம் பேப்பரை நீட்டினாள். விடை எழுதாத வேறு பேப்பர். மறுநாள் ஸ்டாண்டில் உட்கார்ந்து போட்டேன். ஒரு மணி நேரம் ஆனது. எனக்கும் 77தான் வந்தது, வேறு வரவில்லை.

விழா அன்று அக்கா மைக்கை வாங்கினாள். ரமேஷ்பாபு, அதெல்லாம் இப்போ எதுக்கு சேச்சி, எல்லாரும் மறந்தாச்சு என்று மெல்லச் சொன்னதும் மைக்கில் கேட்டுவிட்டது.

"அவன் மறக்கல," என்றாள் அக்கா. "ரெண்டு வருஷம் முன்னால இதே மைக்குல நௌஷாத் விடை தப்புன்னு சொன்னோம். அது சரியான விடை. பேப்பர்ல இருந்ததும் சரி, அவன் எழுதினதும் சரி. ஒரு கணக்குக்கு ரெண்டு விடை வந்தா, அந்தத் தப்பு கணக்கு போட்டவளோடது. அது நானு."

எனக்குக் காது சுட்டது. நௌஷாத் பின்னால் மூட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்கையும் அதன் அடியில் 'மி இரட்டைப்படை' என்பதையும் கதவில் எழுதினார்கள். பத்து நிமிஷத்தில் மிளகுக் குடோன் ஷபானா 77, 74, 151 கொண்டுவந்தாள். அவள் பின்னாலேயே ஷமீல் என்கிற லோடிங் பையன் 88, 83, 171 என்று வந்து, ஷபானாவுடையது மட்டும் எப்படிச் சரி என்று கேட்டான். ரமேஷ்பாபு பேப்பரைப் பார்த்து வாயைத் திறந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஷமீல் எழுதியதைக் கதவில் எழுதி எல்லாருக்கும் முன்னால் கூட்டினாள். கூட்டல் சரி என்றாள். ஆனால் 'மி' மூன்று, இரட்டைப்படை இல்லை, அதனால் இது நிற்காது என்றாள்.

ஷமீல் விடவில்லை. "ஓ, அது சரி. ஆனா இரட்டைப்படையில வேற ஒண்ணு இல்லேன்னு எப்படிச் சொல்றீங்க சேச்சி? போன தடவையும் இப்படித்தானே சொன்னது."

நியாயமான கேள்வி. அக்கா மைக்கைத் தூக்கி, பின்னால் நௌஷாத் இருந்த பக்கம் காட்டினாள்.

"அத அவன்கிட்ட கேளு. பாத்தது அவன்தான்."

நௌஷாத் இறங்கி வர நேரம் எடுத்துக்கொண்டான். மைக்கை வாங்கி ஒரு தடவை ஊதிப் பார்த்தான். பின்னால் சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று என்று யாரோ கத்தினார்கள், ஒருத்தரும் நகரவில்லை.

"மா ரெண்டுன்னு வைங்க," என்று ஆரம்பித்தான். ஒன்பது வரைக்கும் போனான்.