கிறிஸ்துமஸ்காரர்களின் போனஸ்

திருவொற்றியூரில், கண்டெய்னர்களைப் பழுது பார்க்கும் ஒரு யார்டின் பணியாளர் பிரிவில் நான் பல ஆண்டுகள் வேலை செய்தேன். அங்கே போனஸுக்கு இரண்டு காலம் உண்டு. பெரும்பாலோர் தீபாவளிக்கு முன்பு வாங்கிக்கொள்வார்கள். ராயபுரம், காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் கத்தோலிக்கத் தொழிலாளிகள் ஏழு பேர் மட்டும் டிசம்பரில் வாங்குவார்கள். மார்ச்சில் கணக்காண்டு முடிந்த எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் முடிவதற்குள், போனஸ் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். இவர்களோ தாங்களே விரும்பித் தள்ளி வாங்குவதாக ஒவ்வோர் ஆண்டும் எழுதிக் கொடுப்பார்கள். முன்னதாகக் கைக்கு வந்தால் கரைந்துவிடும், கம்பெனியில் கிடந்தால் பத்திரம் என்று நம்பினார்கள். யார்டில் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ்காரர்கள் என்றே பெயர்.

கப்பல் கம்பெனிகள் சில தங்கள் பெட்டிகளை வேறு யார்டுகளுக்கு மாற்றிக்கொண்ட ஆண்டு அது. எங்களுக்குப் பெரிய பாக்கி வைத்திருந்த ஒரு கம்பெனி, பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தது. ஆயுத பூஜையன்று பூசணி உடைத்த கையோடு போனஸ் எவ்வளவு என்று அறிவிப்பது எங்கள் முதலாளியின் தந்தை காலத்து வழக்கம். அந்த ஆண்டு முதலாளி என்னை அழைத்து, பூஜைக்கு முன்பே நான் சொல்லிவிட வேண்டும் என்றார். குங்குமம் வைத்த இயந்திரங்களுக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல அவரால் முடியாது என்பதை, அவர் சொல்லாமலே நான் புரிந்துகொண்டேன்.

வெல்டிங் ஷெட்டுக்குள் எல்லோரையும் கூட்டினேன். அலுவலகம் உட்பட எவருக்கும் இந்த ஆண்டு சம்பள உயர்வு இல்லை என்றேன். லாபமோ நட்டமோ, சட்டம் சொல்லும் குறைந்தபட்ச போனஸ் உண்டு. வழக்கமாக அதற்குமேல் தரும் தொகை இந்த ஆண்டு இல்லை. அந்தக் குறைந்தபட்சத்தையும் தீபாவளிக்குள் எல்லோருக்கும் முழுதாகத் தரும் அளவுக்கு வங்கியில் பணம் இல்லை. எல்லோரும் இப்போது ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மீதிக்குக் காத்திருக்கலாம். அல்லது தீபாவளிக்காரர்கள் முழுதும் வாங்க, டிசம்பர்காரர்கள் அந்தப் பாக்கி வந்ததும் வாங்கலாம். முதல் வழியே நியாயமானது என்று எனக்குத் தோன்றியதையும் சேர்த்துச் சொன்னேன்.

"பொரிகடலையாவது இந்த வருசம் உண்டா மேடம், இல்ல அதுவும் நிறுத்தி வச்சாச்சா?" என்றான் கிரைண்டிங் செய்யும் இளைஞன். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

கிறிஸ்துமஸ்காரர்களில் மூத்தவர் ஒரு வெல்டர். அவருடைய தேவை எனக்கு ஏற்கெனவே தெரியும். காசிமேட்டில் அவர் தம்பியின் ஃபைபர் படகு, எஞ்சின் செத்துக் கரையில் கிடந்தது. பழைய எஞ்சின் ஒன்றுக்கு விலை பேசி அச்சாரமும் கொடுத்திருந்தார்கள். புத்தாண்டுக்குள் தர வேண்டிய மீதி, இந்த போனஸ்தான். அது கிடைக்காவிட்டால் மீன் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கினால், அந்தப் பணத்தைத் திருப்பும்வரை வலையில் விழும் மீன் முழுவதும் அவர் சொல்லும் விலைக்கு அவருக்கே போகும். அவர்களுடைய தந்தை அப்படித்தான் வாழ்ந்து முடித்தார் என்று ஒருமுறை வெல்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

ஆகவே கூட்டம் கலைந்ததும் அவரைத் தனியே நிறுத்தினேன். டிசம்பருக்கு நான் எந்த உறுதியும் தர முடியாது, கிடைக்கும் பகுதியை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

"நாங்க இப்ப கை நீட்டுனா அவனுங்களுக்கு அரைகொறையா பூடும் மேடம். கொயந்தைங்களுக்குத் துணி எடுக்கணும்னு அல்லாரும் நாள் எண்ணிக்கினு கீறானுங்க. எங்க பண்டிகைக்கு இன்னும் டைம் கீது."

"டிசம்பரில் பணம் வராமல் போனால், அண்ணா?"

"வரும் மேடம். எந்த வருசம் வராம பூட்ச்சி?"

மற்ற ஆறு பேரும் அவர் சொன்னதையே சொன்னார்கள். தீபாவளிக்காரர்கள் முழுதாக வாங்கிக்கொண்டார்கள்.

டிசம்பர் நடுவில், பாக்கி வைத்திருந்த கம்பெனி பணம் அனுப்பியது. எங்கள் ஓவர்டிராஃப்ட் அதற்கு முன்பே வரம்பைத் தாண்டியிருந்தது. வந்த பணத்தை வங்கி அந்தக் கடனில் வரவு வைத்துக்கொண்டது. அதிலிருந்து எதையும் எடுக்க விடவில்லை. முதலாளி வங்கிக்கு இரண்டு முறை போய்த் திரும்பினார். கடைசியில் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, வழி இல்லை என்றார்.

கிறிஸ்துமஸ்காரர்களை நான் என் அறைக்கு அழைக்கவில்லை. டிசம்பரில் அறைக்கு அழைப்பு என்றால் அங்கே அதற்கு ஒரே பொருள்தான்: போனஸ் கவர். அழைத்திருந்தால், வரும் வழியிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, முகம் மலர்ந்து வருவார்கள். அதனால் நானே ஷெட்டுக்குப் போனேன்.

கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்டெய்னர் தரையிலிருந்து பெயர்த்த பிளைவுட் துண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் கட்டுவது. வெல்டர் கூரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. பணம் வந்தது, வங்கி எடுத்துக்கொண்டது, பண்டிகைக்கு முன் போனஸ் இல்லை என்றேன். நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதம் உங்கள் உரிமையைப் பறித்துவிடாது, தொழிலாளர் அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம், என்னால் உங்களுக்கு எந்த இடையூறும் வராது என்றும் சொன்னேன்.

ஒருவர் மட்டும் முதலாளியின் காரைப் பற்றிக் கசப்பாக ஏதோ சொன்னார். வெல்டர் அளவு நாடாவைச் சுருட்டினார்.

"எப்ப வரும், அத்த மட்டும் சொல்லுங்க மேடம்."

"தெரியாது அண்ணா. தெரியாத தேதியைச் சொல்லி உங்களைக் காத்திருக்க வைக்க மாட்டேன்."

"அதுவும் சரிதான். பொய்யா ஒரு தேதி சொல்லியிருந்தீங்கன்னா, நான் என் தம்பிகிட்ட அத்தயே சொல்லி வச்சிருப்பேன்."

பிறகு ரம்பத்தை எடுத்துக் கூரைப் பலகையை அறுக்கத் தொடங்கினார். குடில் அந்த ஆண்டும் கேட்டருகே இருந்தது. விளக்குச் சரம் மட்டும் போடவில்லை.

அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் தீபாவளிக்காரர்கள் தனியாக உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களை ஒதுக்கவில்லை, அவர்களாகவே நகர்ந்துகொண்டார்கள். கிரைண்டிங் இளைஞன் ஒருநாள் டிபன் பாக்ஸோடு எழுந்து போய் வெல்டரின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்குக் கேலி எதுவும் வரவில்லை. வறுத்த மீனில் பாதியைப் பிட்டு வெல்டர் அவன் சோற்றின்மேல் வைத்தார்.

ஏழு பேரும் மனுக் கொடுக்கவில்லை. யார்டு மூடிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தார்கள். புத்தாண்டுக்கு முன்பே தம்பி, எஞ்சினுக்கான மீதியோடு வலைக்கும் டீசலுக்கும் சேர்த்து, ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கினார். படகு கடலுக்குப் போனது.

போனஸ், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இரண்டு தவணையாக வந்தது. முதல் தவணையைத் தூக்கிக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஏலக்காரரிடம் போனார்கள். கொடுத்ததை ஒரே தடவையில் திருப்பினால்தான் கணக்கு தீரும், துண்டுதுண்டாக வாங்குவதில்லை என்று அவர் அனுப்பிவிட்டார். இரண்டாம் தவணை வருவதற்குள் முதலாவது வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் போயிருந்தது. இதை வெல்டர் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார்.

"எஞ்சின் நல்லா ஓடுது மேடம். அவருக்கோசரம் ஓடுது."

அடுத்த ஆயுத பூஜைக்குள் யார்டு சற்றே மூச்சுவிட்டிருந்தது. சம்பள உயர்வு அப்போதும் இல்லை. இனி எல்லோருக்கும் தீபாவளிக்கு முன்பே போனஸ், டிசம்பர் என்ற ஏற்பாடே வேண்டாம் என்று முதலாளியிடம் வற்புறுத்தி ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன். ஏழு பேரும் போனஸ் வாங்க என் அறைக்கு வந்தார்கள். வெல்டர் பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடாமல் நின்றார்.

"இந்த வாட்டி அல்லாருக்கும் முய்சா கீதா மேடம்?"

"எல்லோருக்கும் முழுதாக இருக்கிறது, அண்ணா."

என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு குனிந்து கையெழுத்திட்டார். அந்தப் பணம் முன்பணத்தில் பாதியைக்கூட எட்டாது என்பது இருவருக்கும் தெரியும். காசிமேட்டில் அன்று காலையும் தம்பியின் மீன் ஏலக்காரரின் கூடைகளுக்குத்தான் போயிருக்கும்.