பட்டினியிலும் நிற்காத வயிறு

ஒரு பெண்ணை வார்டில் எல்லார் முன்னாலும் பொய்க்காரி என்று சொன்னேன். அவள் என் நோயாளி. சொன்ன அன்றைக்கு எனக்கு அதில் துளிக்கூட சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லாத டாக்டரைக் கண்டால் நோயாளிகள் ஓடிப்போவது நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

தீபாவளிக்கு முந்தின பட்டாசு சீசன். சிவகாசிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பொது மருத்துவம் பார்க்கிறேன். சீசனில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நோய் வராது என்று நாங்கள் கேலி பேசுவோம். வரும், ஆனால் சொல்ல மாட்டார்கள். லீவு கேட்டால் அடுத்த ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். விழுந்த பிறகுதான் வண்டியில் போட்டுத் தூக்கி வருவார்கள். அன்றைக்குக் காலையில் நூற்றுச் சொச்சம் பேரைப் பார்த்துவிட்டு, எண்பது வயதுக் கிழவி மாதிரி படியேறி வார்டுக்குப் போனேன்.

அவள் அங்கே படுத்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஆனைக்குட்டம் பக்கத்துக் கிராமம். பட்டாசு கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை. ஐந்து மாதமாக வயிற்றுப்போக்கு. மூன்று டாக்டர்கள் பூச்சி மருந்தும் உப்புக்கரைசலும் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். கண்கள் உள்ளே போய், நாக்கு வறண்டு, கன்னத்தில் எலும்புதான் மிச்சம்.

"எத்தனை தடவை போகுது?"

"எண்ணிக்கை வச்சுக்க முடியலம்மா. பைப்பத் தொறந்து விட்ட மாதிரி தண்ணியாத்தான் போகுது."

"ராத்திரியிலயுமா?"

"ராத்திரி என்ன, பகலென்ன, அதுக்குத் தெரியவா போகுது?"

அந்தப் பதிலிலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தூக்கத்திலிருந்தும் எழுப்புகிற பேதி சாதாரணப் பேதி அல்ல. ஆனால் அவள் நாளைக்கு ஆறு டம்ளர் பால் டீ குடிக்கிறேன் என்றும் சொன்னாள். எனக்கு அதுதான் காதில் விழுந்தது. பால் சேராத உடம்பு என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். களைத்துப்போன மனசு எப்போதுமே பக்கத்தில் இருக்கிற பதிலைத்தான் எடுத்துக்கொள்ளும்.

வயிற்றுப்போக்கில் தண்ணீர் இரண்டு விதமாக வரும். ஒன்று, நாம் சாப்பிட்டதில் குடல் உறிஞ்ச முடியாத ஏதோ ஒன்று உள்ளேயே தங்கி, தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். பால் சேராதவர்களுக்குப் பாலில் உள்ள சர்க்கரை அப்படி. சிலருக்கு மலச்சிக்கலுக்குத் தின்கிற உப்பு. வாயை மூடினால் வயிறும் மூடிக்கொள்ளும். இன்னொன்று, குடலின் சுவரே உப்பையும் தண்ணீரையும் உள்ளே கொட்டுகிற விதம். அதற்குச் சாப்பாட்டோடு சம்பந்தமே இல்லை. பட்டினி போட்டாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இந்த இரண்டாவதற்குப் பின்னால் சில சமயம் குடலை விரட்டுகிற ஹார்மோனைச் சுரக்கும் கட்டி ஒளிந்திருக்கும்.

எது என்று பார்க்க எளிய வழி, இரண்டு நாள் பட்டினி. நரம்பில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு, வாய்க்குப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காமல், போகிறதை அளந்து பார்ப்பது. அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

"வாய்ல பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் படக் கூடாது. பால் இல்ல, பழம் இல்ல, டீ இல்ல."

"நான் என்னைக்கும்மா வகையாத் தின்னேன்? இருந்துருவேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அன்று மூன்று லிட்டர் போயிருந்தது. பட்டினியின் முதல் நாள் இரண்டே முக்கால் லிட்டர். நான் எதிர்பார்த்தது அரை லிட்டர். சிஸ்டர் அளவுக் குவளையைக் காட்டியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இயற்கை என் பேச்சைக் கேட்கவில்லை என்று எரிச்சல்.

இரண்டாம் நாள் காலை ரவுண்டில், அவள் கட்டிலுக்குக் கீழே இருந்த குப்பை வாளியில் ஒரு வாழையிலைப் பொட்டலத்தைப் பார்த்தேன். சட்னி ஒட்டியிருந்தது. ஓரத்தில் இட்லித் துணுக்கு.

"இதென்ன?"

"அது அவுக தின்னது டாக்டரம்மா."

அவுக என்றால் புருஷன். திருத்தங்கல் அச்சாபீசில் வேலை. காலை பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுவார். அப்போதும் போய்விட்டிருந்தார்.

"யாருகிட்ட காது குத்துறீக? மாட்டிக்கிட்டா எல்லாரும் இதத்தான் சொல்றது. பட்டினி இருந்தா நிக்க வேண்டியது நிக்கலன்னா, நீங்க தின்னுருக்கீக. அம்புட்டுதான்."

"என் புள்ளைக மேல சத்தியமாத் தின்னலம்மா."

"புள்ளைய ஏன் இழுக்குறீக? பொய் சொல்றதுக்கு ஒரு அளவு வேணாமா?"

பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவள் வாதாடவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் அதையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். பட்டினியை முதலிலிருந்து தொடங்கச் சொன்னேன். புருஷனை உள்ளே விடாதே என்று வாசலில் சொல்லி வைத்தேன். அலமாரியைச் சோதிக்கச் சொன்னேன். போலீஸ்காரி மாதிரி நடந்துகொண்டேன், வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் சிஸ்டர் என்னைத் தேடி ஓ.பி.க்கே வந்துவிட்டாள். இருபது வருஷ சர்வீஸ், தேவையில்லாமல் பேச மாட்டாள்.

"டாக்டர், அந்தம்மாவால கட்டில விட்டு எந்திரிக்க முடியல. காலு தொவண்டுபோச்சு. நேத்து பூரா நாங்க மாத்தி மாத்திப் பக்கத்துலயே இருந்தோம். ஒரு பருக்க உள்ள போகல. அப்புறமும் ரெண்டரை லிட்டர்."

ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தோம். 2.3. மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டியது. டிரிப்பில் ஏற்றிக்கொண்டிருந்தும் குறைந்திருந்தது. மலத்தோடு மொத்தமும் போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் இதயத்தின் துடிப்பு தாறுமாறாகப் போகும். பட்டினியை அங்கேயே நிறுத்தினேன். பொட்டாசியத்தைக் கூட்டி ஏற்றச் சொன்னேன். பயந்துபோனேன். அது அவளுக்கான பயமா, எனக்கான பயமா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

சிஸ்டர் பார்த்தாள் என்பது போதாதா? போதும். ஆனால் ஒரு தடவை கண்ணை நம்பி மோசம் போனவளுக்கு எண்ணாகப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீர் மலத்திலேயே சோடியமும் பொட்டாசியமும் எவ்வளவு என்று அளக்கலாம். எங்கள் லேபில் யாரும் கேட்டதில்லை. நானே கீழே போனேன். லேப்காரர் மூக்கைச் சுளித்தார்.

"டாக்டர், இது ரத்தம் பாக்குற மிஷினு. இதுல போயி அத ஊத்துனா அடைச்சுக்கிடாதா? மிஷினு கெட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். சுத்துற மிஷின்ல போட்டு நல்லாச் சுத்தி, மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுத்து வைங்க. மூத்திரம் கலக்கல, தண்ணி சேக்கல, சிஸ்டர் நின்னு பிடிச்சது. ஒரு உசுருண்ணே."

புலம்பிக்கொண்டே செய்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை செய்தார். சோடியம் 96. பொட்டாசியம் 44.

அவருடைய மேசையில் கிடந்த பழைய சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். குடலில் உள்ள நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு ரத்தத்துடையதை ஒட்டியே இருக்கும், சுமார் 290. சோடியமும் பொட்டாசியமும் சேர்த்து 140. ஒவ்வொன்றுக்கும் எதிர் மின்னூட்டத்தோடு ஒரு ஜோடி உண்டு, அதனால் இரண்டால் பெருக்க வேண்டும், 280. 290-இல் 280 போக மிச்சம் பத்து. அவள் பாலோ பழமோ தின்று வந்த பேதியாக இருந்தால், தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற அந்தச் சர்க்கரைக்கான இடம் கணக்கில் காலியாக நிற்கும். மிச்சம் நூறைத் தாண்டும். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் அங்கே வேறு எதுவும் இல்லை, குடல் கொட்டுகிற உப்பு மட்டும்தான். இங்கே பத்து. இந்தப் பேதி தின்றதால் வந்ததல்ல என்று அவளுடைய குடலே சாட்சி சொல்லிவிட்டது.

லேப்காரர் எட்டிப் பார்த்து, "நல்லதா டாக்டர்?" என்றார்.

"இல்லண்ணே" என்றேன்.

பொட்டாசியம் ஏற ஏற, சாயங்காலத்துக்குள் அவளால் காலை மடக்க முடிந்தது. புருஷனை உள்ளே விடச் சொல்லியிருந்தேன். கட்டிலின் கால்மாட்டில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேட்காமலே சொன்னார்.

"அன்னைக்கு நாந்தேன் தின்னேன் டாக்டரம்மா. மொதல் ஷிப்டு, வெறும் வயித்துல போக முடியல. இவ பட்டினி கெடக்கையில இவ முன்னால எப்படித் திங்க? கீழ ஒக்காந்து, முதுகக் காட்டிக்கிட்டு ரெண்டு வாயி தின்னுட்டு ஓடிட்டேன். இலைய வெளிய போட்டிருக்கணும். என் புத்தி."

"தப்பு உங்க மேல இல்ல" என்றேன். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னேன், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரியே சொன்னேன், ஏனென்றால் திட்டியதும் அப்படித்தான். "நீங்க சொன்னது உண்மை. நாந்தான் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து மாத நோய் போய்விட்ட மாதிரி அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்துக் கட்டில்காரியிடம், "கேட்டீகளா? டாக்டரம்மாவே சொல்லிட்டாக. நான் தின்னலன்னு அப்பவே சொன்னேன்ல" என்றாள். என்னால் அவளைப் பார்க்கவே முடியவில்லை. அவள் எதைக் கொண்டாடுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

மதுரைக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்க வேண்டும், கணையத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். இருந்தால் ஆப்பரேஷன் செய்யலாம், ஊசி மருந்தும் இருக்கிறது என்றும் சொன்னேன். கட்டி என்ற வார்த்தைக்குப் பிறகு அவர்களுக்கு வேறெதுவும் கேட்டிருக்காது. புருஷன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அவள்தான் கேட்டாள். "அன்னைக்கு நான் நெசமாவே தின்னுருந்து, அதனாலதான் நிக்காமப் போயிருந்தா, அது என்ன நோயும்மா?"

என்னால் அவளிடம் இன்னொரு தடவை தவறாகப் பேச முடியாது. "பால் சேராததா இருந்திருக்கும். டீயில பால நிறுத்துனாப் போதும், சரியாப் போயிரும்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்ப நான் பொய்க்காரியாவே இருந்திருந்தாத் தேவல, இல்லியாம்மா?"

ஆமாம் என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்ல?