சதவீதம் சொன்ன எண்பத்தெட்டு

எங்கள் கிளப்பின் கணக்கு அதிகாரியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சதவீதம்’ என்றால்தான் தெரியும். முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் நான், “மழை வருமா சார்?” என்று கேட்டால், ஜன்னல் பக்கம் திரும்பாமலேயே “அறுபது சதவீதம்மா” என்பார். குடை எடுப்பதும் எடுக்காததும் அவரவர் தலையெழுத்து. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், அவர் சொன்னது பெரும்பாலும் நடந்துவிடும். அதுதான் பிறகு வினையாகவும் முடிந்தது.

ஆண்டுதோறும் வருமான மதிப்பீடு போடுவது அவர் வேலை. ரகசியம் ஒன்றும் இல்லை. இருக்கிற உறுப்பினர்களில் எத்தனை பேர் சந்தாவைப் புதுப்பிப்பார்கள், புதிதாக எத்தனை பேர் சேர்வார்கள், இரண்டையும் கூட்டிச் சந்தாத் தொகையால் பெருக்க வேண்டியதுதான். அந்த வருடம் கமிட்டிக்கு நீச்சல்குளம் கட்டும் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் கடன் வர வேண்டும், கடன் வர மதிப்பீடு வர வேண்டும். சந்தாவை ஐந்தில் ஒரு பங்கு உயர்த்துவது என்றும் முடிவாயிற்று. சதவீதம் கணக்குப் போட்டார். போன ஆண்டுத் தொடக்கத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள், அவர்களில் எண்ணூற்றெண்பது பேர் நிலைத்தார்கள். ஆக எண்பத்தெட்டு சதவீதம். நூற்றிருபது பேர் புதிதாகச் சேர்ந்ததால் இப்போதும் ஆயிரம். அதில் எண்பத்தெட்டு சதவீதம் நிற்கும், குளத்தைக் காட்டினால் இருநூறு பேர் சேர்வார்கள், மொத்தம் ஆயிரத்து எண்பது. கமிட்டி கை தட்டியது. கை தட்டுவதற்குத்தானே கமிட்டி.

அந்த ஆயிரத்து எண்பதை அவர் வீட்டிலும் சொல்லிவிட்டார். அவர் மனைவியின் தம்பி பெரிய மருத்துவமனை ஒன்றில் தலைமைச் சமையல்காரர். நிரந்தர வேலை, ஓய்வூதியம் உண்டு. எங்கள் கிளப் சாப்பாட்டுக்கூடத்தைக் குத்தகைக்கு விடுகிறார்கள் என்று தெரிந்ததும் மச்சானுக்குக் கை அரித்தது. மூன்று வருடக் குத்தகை. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை ஒன்றுதான்.

“மாமா, இறங்கலாமா?” என்று என் மேசைக்கு முன்னால் வைத்துத்தான் கேட்டார்.

“ஆயிரத்து எண்பது பேர்டா. தாராளமா இறங்கு” என்றார் சதவீதம்.

பிறகு ஒரு நாள் காலை, புதுப்பிப்பு அட்டை அச்சடிக்க எண்ணிக்கை கேட்டு அச்சகத்துக்காரர் என் மேசைக்குப் போன் செய்தார். சந்தா முடியப் போகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த அட்டை போகும். நான் சதவீதத்தைக் கேட்டேன். அவர் கணினியில் தேடிப் பார்த்து, “ஆயிரம் சொல்லும்மா” என்றார்.

“போன வருஷம் எத்தனை சார் அடிச்சோம்னு கேக்கறார்.”

“அறுநூறு” என்றவர், வாயை மூடவில்லை. இன்னொரு முறை, தமக்குத் தாமே, “அறுநூறுதானே” என்றார். அப்போது அவர் முகம் வெளிறிப் போனதைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு நடுவில் ஒரு சலுகை விட்டோம்: ஒரு வருடச் சந்தாவுக்குப் பதினெட்டு மாதம். நானூறு பேர் வந்து விழுந்தார்கள். அவர்களுக்குப் போன ஆண்டு புதுப்பிப்பே வரவில்லை. போகச் சந்தர்ப்பமே கிடைக்காதவர்களையும் ‘நிலைத்தவர்கள்’ என்று எண்ணிவிட்டார். உண்மையில் புதுப்பிக்க வேண்டியிருந்த அறுநூறு பேரில் நானூற்றெண்பது பேர்தான் புதுப்பித்தார்கள். எண்பது சதவீதம். சலுகைப் பணத்தைப் பதினெட்டு மாதத்துக்கும் பிரித்து எழுதியதால் வருமானத்திலும் பெரிய பள்ளம் தெரியவில்லை. இப்போது அந்த நானூறு பேருக்கும் முதல் முறையாக, கூட்டிய சந்தாவோடு அட்டை போகப் போகிறது. பழைய சின்னச் சலுகை ஒன்றின் கணக்கை எடுத்துப் பார்த்தார். அதில் வந்தவர்களில் பாதிப் பேர் முதல் புதுப்பிப்பிலேயே நடையைக் கட்டியிருந்தார்கள். இருநூறு புதியவர்கள் என்பதும் அந்தச் சலுகைக் கூட்டத்தைப் பார்த்துப் போட்ட எண்தான்.

நேராகச் செக்ரெட்டரியிடம் போனார். கதவு திறந்தே இருந்தது, எல்லாம் கேட்டது.

“பேங்க்குக்கு பேப்பர் போயாச்சு. குத்தகையும் பேசியாச்சு” என்றார் செக்ரெட்டரி, குரல் உயர்த்தாமல். “நல்லா இருக்கற வீட்டுல எதுக்கு அபசகுனமா பேசறீங்க? பொதுக்குழு முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க.”

வெளியே வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மச்சான் நாளைக்கு ராஜினாமா குடுக்கறான்மா” என்றார்.

வாயைத் திறந்தார், அதை நான் மறுக்க மாட்டேன். அன்று மாலையே மச்சானும் அவர் அக்காளும், அதாவது சதவீதத்தின் மனைவியும், சாப்பாட்டுக்கூடத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். புது அடுப்புகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றன. நான் சாவி கொடுக்கப் போயிருந்தேன்.

“ராஜினாமா வேண்டாம்பா. என் கணக்கு தப்பு.”

மச்சான் சிரித்துவிட்டார். “உங்க கணக்காவது, தப்பாவது! இத்தனை வருஷத்துல ஒரு தடவை தப்பியிருக்கா மாமா? எனக்காக பயப்படறீங்க, அவ்வளவுதான்.”

“இல்லடா, நான் எண்ணினதே கோணல். சலுகையில வந்தவங்க பாதிப் பேர் போயிடுவாங்க.”

அதுவரை அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காள் திரும்பினாள். “நேத்து வரைக்கும் எண்பத்தெட்டு. என் தம்பி கையில கரண்டி வந்ததும் அம்பதாயிடுச்சா? அவன் முதலாளி ஆகறது உங்களுக்குப் பொறுக்கலை.”

“சத்தியமா சொல்றேன்…”

“போதும்.”

சதவீதம் என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன், “அக்கா, சார் சொல்றது நிஜம். அட்டைக் கணக்கை நானே பார்த்தேன்.” அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சம்பளம் வாங்குகிறவள் அதிகாரிக்கு ஒத்து ஊதாமல் வேறு என்ன செய்வாள் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. மச்சான் ஓர் அடுப்பின் உறையைக் கிழித்து எறிந்தார். தப்பாகச் சொன்னபோது நம்பினார்கள், சரியாகச் சொன்னபோது நம்பவில்லை. அவர் சம்பாதித்த நல்ல பெயரே அவருக்கு எமனாக வந்து நின்றது.

மறுநாள் ராஜினாமா போனது. ஆயிரம் அட்டையும் போயின.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு லாக்கர் சாவிகள் வரத் தொடங்கின. சண்டை போட்டால்கூடச் சமாதானம் பேசலாம், இவர்கள் சிரித்தபடி வந்தார்கள். “நேரமே கிடைக்கலைம்மா” என்பார்கள், சாவியை மேசையில் வைப்பார்கள், போய்விடுவார்கள். என் பின்னால் இருந்த சாவிப் பலகையில் கொக்கிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. சதவீதம் தினமும் வந்து அதைப் பார்ப்பார். எண்ண மாட்டார். உள்ளே மச்சான் முழுக் கூட்டத்துக்கும் சமைத்துக்கொண்டிருந்தார், மீந்ததை வேலைக்காரர்களுக்குக் கொடுத்தார். பிறகு அளவைக் குறைத்தார். பிறகு இரண்டு பேரை நிறுத்தினார்.

கெடு முடிந்தபோது ஆயிரம் பேரில் அறுநூற்று நாற்பது பேர் புதுப்பித்திருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. செக்ரெட்டரி, “கணக்குப் பிரிவின் பிழை” என்று பொதுக்குழுவில் ஒரே வரியில் படித்தார். குளத்துக்குத் தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்றது. செக்ரெட்டரி வாசலில் போகும்போதெல்லாம் அந்த மனுஷனைக் கடித்துக் குதறலாம் போல எனக்கு வரும்.

ஒரு நாள் மதியம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டுக்கூடத்தில் சதவீதம் மட்டும் உட்கார்ந்திருந்தார், எதிர்வரிசையில் நான். மச்சான் தாமே தட்டைக் கொண்டுவந்து வைத்தார். மருத்துவமனையில் அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று அன்று காலைதான் தெரிந்திருந்தது. அவர் கோபப்பட்டிருக்கலாம். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீங்க சொன்னீங்க மாமா, நான்தான் கேக்கலை” என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, பழைய பழக்கத்தில், முழு நம்பிக்கையோடு கேட்டார்: “அடுத்த மாசம் எப்படி மாமா இருக்கும்? ஒரு கணக்கு சொல்லுங்க.”

சதவீதம் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“தெரியலப்பா” என்றார்.