வேலம்மா பெயரில் போடாதீர்கள்

திலகாவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். அதனால் பத்தாங் பெர்ஜுந்தையில் உடையப்பனின் உரக்கடைக்கு வருகிறவர்கள் அவளைப் பொறுமைசாலி என்று நினைத்திருந்தார்கள். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல காலம் ஆகியும் பழைய பெயரையே சொல்லும் ஆட்கள் அவர்கள். மனிதர்களைப் பற்றிய கணிப்பையும் அவ்வளவு சீக்கிரம் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

அவள் பிறந்தது ஈஜோக் பக்கத்து ஒரு தோட்டத்தில். தோட்டம் கைமாறியபோது, வீடுகளைக் காலி செய்ய வேண்டிய தேதியை மலாயிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து ஆபீஸ் பலகையில் ஒட்டினார்கள். அவள் அப்பாவுக்கு இரண்டுமே படிக்க வராது. லோரி வந்து நின்ற அன்று காலையில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. "போர்டுல போட்டோமே" என்றார் கிராணி, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. திலகாவுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. கிராணி பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லியும் ஒருவனைத் தெருவில் நிறுத்த முடியும் என்பது புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

பிறகு ரவாங்கில் தொழிற்சாலை வேலை, மாலை வகுப்பில் கணக்கியல், கல்யாணம், புக்கிட் செந்தோசாவில் ஒரு வரிசை வீடு. உடையப்பனிடம் சேர்ந்த நாளிலிருந்து கடையின் கணக்கு முழுவதும் அவள் கையில்தான். சம்பளம் தாராளம் என்று சொல்ல முடியாது. கணவன் செரண்டாவில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர் என்பதால் வீடு ஓடியது.

உரம், களைக்கொல்லி, குலை அறுக்கும் அரிவாள், அலுமினியக் கம்பு என்று எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்துக்குத் தேவையானதெல்லாம் அந்தக் கடையில் கிடைக்கும். எத்தனையோ வருடமாக வாடிக்கையாளர்கள் பணம் போட்டது உடையப்பனின் மனைவி வேலம்மா பெயரிலிருந்த சொந்தக் கணக்கில். இந்த வட்டாரத்தில் அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. டயர் கடைக்காரருக்கு மகன் பெயர், லோரிக்காரருக்குக் கொழுந்தியாள் பெயர். பணம் அனுப்பும்போது கைப்பேசித் திரையில் யார் பெயர் வந்தாலும் ஜனங்கள் "சரி" என்று அழுத்திப் பழகியிருந்தார்கள்.

கடையைச் செண்டிரியான் பெர்ஹாட் என்கிற தனியார் நிறுவனமாகப் பதிவு செய்தபோது, இனி வியாபாரப் பணம் நிறுவனத்தின் பெயரிலேயே வரவேண்டும் என்று தணிக்கையாளர் கறாராகச் சொல்லிவிட்டார். புதுக் கணக்கு திறந்தாயிற்று. வாடிக்கையாளர்களுக்கும் சரக்கு தருகிறவர்களுக்கும் அறிவிப்பு எழுதும் வேலை திலகாவுக்கு வந்தது.

அவள் யோசித்து எழுதினாள். புதுக் கணக்கின் பெயர், எண், எந்தத் தேதியிலிருந்து என்பது மேலே. அதன் கீழே: "திரையில் நிறுவனத்தின் பெயர் வராவிட்டால் பணம் அனுப்பாதீர்கள். எந்தத் தனிமனிதர் பெயரிலும் இனி எங்களுக்குக் கணக்கு இல்லை. கணக்கு மாறிவிட்டதாக யார் கடிதம் அனுப்பினாலும், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள். உங்களிடம் உள்ள பழைய ரசீதில் இருக்கும் கடை எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்."

உடையப்பன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இது என்னா, பயமுறுத்துற மாதிரி இருக்கு? தனி ஆளு பேருல இல்லேன்னு எதுக்கு? எடுத்திடு."

"அதுதான் மொதலாளி முக்கியமான வரி."

"சின்னச் சின்ன ஆளுங்க வேலம்மாவுக்கே போடட்டும்லா. எல்லாத்தயும் கம்பெனிக்குள்ள கொண்டாந்தா நான் வரி கட்டியே சாகணும். அப்புறம் பழைய ரசீது, கிசீதுன்னு சுத்த விடாத. சந்தேகம் இருந்தா கூப்பிடுங்கன்னு என் ஹேண்ட்போன் நம்பர அடியில போடு. முடிஞ்சுது."

"கடிதமே பொய்யா இருந்தா, அதுல இருக்கிற நம்பரும் பொய்யாதானே இருக்கும்?"

"நம்ம கடிதம் எப்படிப் பொய்யாகும்? நீதான எழுதுற?" தன் நகைச்சுவையை அவரே ரசித்துச் சிரித்தார்.

அவர் சொன்னபடியே, அந்த எச்சரிக்கை வரிகள் இல்லாமல் போயிற்று அறிவிப்பு. பெரிய தோட்டங்களின் அலுவலகங்களுக்கு மட்டும் திலகா தானே தொலைபேசியில் சொன்னாள். மற்றவர்களுக்கு உடையப்பன் அதைப் படமாக வாட்சாப்பில் தள்ளிவிட்டார். கடைசி வரி இப்படி முடிந்தது: "பணம் அனுப்புமுன் சரிபார்க்கவும்." எதைக் கொண்டு சரிபார்ப்பது என்று அதில் இல்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் சிவானந்தம் லோரியோடு வந்து இறங்கினார். சிறு தோட்டக்காரர்களுக்கு உரம் போட்டுக் கொடுக்கும் குத்தகைக்காரர். ஏழெட்டுப் பேரிடம் பணம் சேர்த்து மொத்தமாகச் சரக்கு எடுப்பது அவர் வழக்கம். மழை பிடிக்குமுன் உரம் போட்டாக வேண்டும் என்று அவசரத்தில் இருந்தார்.

"திலகாம்மா, லோடு ஏத்தச் சொல்லு. நேத்துச் சாயங்காலமே பேங்க்ல டுயிட் போட்டுட்டேன். சிலிப்பும் அனுப்பிட்டேன்."

"எனக்கு சிலிப்பு வரலியே அண்ணே. எந்த நம்பருக்கு அனுப்புனீங்க?"

அவர் கைப்பேசியை நீட்டினார். கடையின் முகப்புப் படம், கடையின் முத்திரை, அவள் தட்டச்சு செய்த அதே எழுத்து. வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு. பெயர், அவள் கேள்விப்பட்டிராத ஒரு பெண்ணுடையது. அடியில் உடையப்பனின் எண் இருந்த இடத்தில் வேறு எண்.

திலகா உட்கார்ந்த இடத்திலேயே கேட்டாள். "இந்த நம்பருக்குக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிடாமலா? சரிபார்க்கச் சொல்லிருக்கீங்களே. ஒரு பையன் நல்லாத் தமிழ்ல பேசுனான். 'ஆமாண்ணே, இதுதான் புதுசு, மொதலாளி சொந்தக்காரங்க பேரு'ன்னான். உங்க கடைக்கு எப்பவும் பொம்பள பேருலதானே போடுவோம்?"

திலகா தன் மேசைத் தொலைபேசியை அவர் பக்கம் திருப்பி, 997ஐ அழுத்தினாள். மோசடி நடந்தால் உடனே கூப்பிட வேண்டிய எண் அது. அழைப்பவர் பணத்தைப் பறிகொடுத்தவராக இருந்தால்தான் வேலை வேகமாக நடக்கும். சிவானந்தத்தின் கையில் ரிசீவரைக் கொடுத்து, எப்போது, எந்த வங்கியிலிருந்து, எந்தக் கணக்குக்கு என்று அவர் திக்கியபோதெல்லாம் திரையைப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கணக்கை முடக்கச் சொல்கிறோம், பணம் அதற்குள் வேறு கணக்குகளுக்குப் போயிருந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது, போலீஸ் புகார் உடனே கொடுங்கள் என்றார்கள் மறுமுனையில்.

உள்ளே இருந்து உடையப்பன் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் பார்த்தது சிவானந்தத்தை அல்ல, வெளியே நின்ற லோரியை.

"காசு வராம லோடு போவாது சிவா. முன்னாடியே சொல்லிடுறேன்."

"நான் கேக்கவே இல்லியே மொதலாளி."

"கண்ணு இல்லியா உனக்கு? நம்ம நோட்டிசுல கம்பெனி பேரு போட்டிருக்குல்ல? சரிபார்க்கச் சொல்லி எழுதியிருக்குல்ல?"

"பார்த்தேனே. கூப்பிட்டுப் பேசுனேனே."

"தப்பான நம்பருக்குக் கூப்பிட்டா நான் என்ன பண்ண?"

சிவானந்தம் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். ஊர்க்காரர்கள் பணம் அது. யார் யாருக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. புகார் கொடுக்கக் கிளம்பியவர், வெறும் லோரியைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு கடை டிரைவர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் போனார்.

அவர் போனதும் உடையப்பன் குரலை இறக்கினார். "திலகா, கம்பெனி லெட்டர்ஹெட்ல ஒண்ணு எழுது. நாம தெளிவாத்தான் அறிவிச்சோம், வாடிக்கையாளர் கவனக்குறைவுன்னு. நாளைக்கு யாராச்சும் நம்ம மேல திரும்பினா வேணும்."

திலகாவின் குரல் இன்னும் கீழே போயிற்று. "தெளிவா அறிவிக்கல மொதலாளி. தெளிவா இருந்த ரெண்டு வரிய நீங்க எடுக்கச் சொன்னீங்க."

"எவனோ திருடுனதுக்கு நானா பொறுப்பு?"

"திருடுனவன் திருடன். அத நான் மறுக்கல. ஆனா யாரோ ஒரு பொம்பள பேரப் பார்த்து, இது சரின்னு நம்ப அவருக்குப் பழக்கி விட்டது யாரு?"

"என்னா பேச்சு பேசுற நீ?"

"சரிபாருன்னு சொன்னா, சரிபார்க்க ஒண்ணு கையில குடுக்கணும். அத நீங்க வருமான வரிக்காகப் பிடுங்கிக்கிட்டீங்க. இப்ப அவருக்குக் கண்ணு இல்லேங்கிறீங்க."

உடையப்பன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேலையை விட்டு நிறுத்தப் போகிறாரா, சாப்பிடப் போகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் பிறகு எதையும் செய்ய மாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

பழைய வாசகத்தைத் திறந்தாள். நீக்கிய வரிகளைத் திரும்ப வைத்தாள். தலைப்புக்குக் கீழே, யாரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாதபடி ஒரு வரி சேர்த்தாள்: "வேலம்மா பெயரிலும் போடாதீர்கள்." எங்கள் கடிதத்தைப் போலவே ஒரு போலி சுற்றுகிறது, அதை நம்பிப் பணம் கட்டியிருந்தால் உடனே உங்கள் வங்கியையோ 997ஐயோ அழையுங்கள் என்று முடித்தாள். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. கைப்பேசி எண் எதுவும் போடவில்லை. வாட்சாப்பில் அனுப்பினாள், அது மட்டும் போதாதென்று அன்று சரக்கோடு போகும் ஒவ்வொரு லோரியிலும் தாளாகக் கொடுத்து, படித்துச் சொல்லிவிட்டு வரும்படி டிரைவர்களிடம் சொன்னாள்.

உடையப்பன் திரும்பி வந்தபோது கடைத் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. திலகா எடுக்கவில்லை.

"ஏன் எடுக்கல?"

"கூப்பிடுறவங்களுக்கு மொதலாளி வாயால கேக்கணுமாம். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. இனிமே யாரையும் நம்பாதீங்கன்னு எழுதியிருக்கோம்ல."

அவர் எடுத்தார். மறுமுனையில் சுங்கை புரோங்கிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர்.

"ஆமா, உடையப்பன்தான்... நெசமாத்தான்யா, நான்தான். என்ன, வச்சிட்டுத் திரும்பக் கூப்பிடுறியா?"

அவர் வைத்ததும் தொலைபேசி மறுபடி அடித்தது. பழைய ரசீதைப் பார்த்து எண்ணை அழுத்திக் கூப்பிட்டிருந்தார் அந்த மனிதர். உடையப்பன் திலகாவைப் பார்த்தார். அவள் முகத்தில் எதுவும் இல்லை.

"இல்ல, வேலம்மா பேருல போடாத," என்றார் தொலைபேசியில். "மூடியாச்சு... ஆமா, நான் சொல்றேன்ல."

அடுத்து ஒருவர், அதற்கடுத்து இன்னொருவர். ஒவ்வொருவரிடமும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல, இனி அந்தக் கணக்கை உண்மையாகவே மூடாமல் இருக்க முடியாது என்பது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். நடுவில் சிவானந்தத்துக்குப் பணம் கொடுத்த தோட்டக்காரர் ஒருவரும் கூப்பிட்டார். அவர் என்ன கேட்டார் என்பது திலகாவுக்குக் கேட்கவில்லை. உடையப்பன் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, பார்க்கிறேன்" என்று வைத்தார்.

"சிவா லோரி இன்னும் வாசல்லயா நிக்குது?"

"நிக்குது."

"பாதி லோடு ஏத்தச் சொல்லு. வாங்குன வெலைக்கே பில்லு போடு, லாபம் வேணாம். குலை வெட்டி வித்தப்புறம் காசு குடுக்கட்டும்." பிறகு, நல்லது செய்துவிட்ட மனிதரின் குரலில், "திருப்தியா?" என்றார்.

"இல்ல மொதலாளி," என்றாள் திலகா. "முழு லோடுக்குக் காசு போனவர் அவரு."

தொலைபேசி அடித்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் பில் புத்தகத்தைத் திறந்து, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணிக்கை எழுதாமல் காத்திருந்தாள். தொலைபேசி நான்காம் முறை மணியடித்தபோது உடையப்பன் ரிசீவரின் மேல் கையை வைத்தார். "முழுசாவே ஏத்து" என்று சொல்லிவிட்டு எடுத்தார்.

அவள் நன்றி சொல்லவில்லை.