சீட்டில்லாத இருபது கிலோ

தி. நகரில் ஒரு இனிப்புக் கடைக்குக் கணக்கு எழுதினேன். அங்கே மாதக் கடைசியில் மட்டும் கிடங்கில் உள்ளதை எடை போடுவோம். ஒரு மாதம் தொடக்க இருப்பு ஐம்பது கிலோ நெய், வாங்கியது முந்நூறு, மிச்சம் நாற்பது. ஆக, செலவு முந்நூற்றுப் பத்து.

அதே மாதம் கணினியில் புது முறையும் தொடங்கியிருந்தேன். கிடங்கிலிருந்து நெய் போகும்போதெல்லாம் ஒரு சீட்டு. சீட்டுகளின்படி செலவு இருநூற்றுத் தொண்ணூறுதான். அறுபது கிலோ மிஞ்சியிருக்க வேண்டும். பழைய முறையில் செலவோடு செலவாகக் கரைந்துபோகும் இருபது கிலோ, இப்போது தனியாகத் தெரிந்தது.

கிடங்குக்காரரைத் திருடன் என்றேன்.

"சீட்டு இல்லாம ஒரு சொட்டு குடுக்கல சார். கொயந்தைங்க மேல சத்தியம்," என்றார். அன்றே அவர் வேலை போயிற்று.

மறுவாரம் அல்வா மாஸ்டர் சிரித்தார். "காலைல அவரு வர்றதுக்குள்ள நான்தானே நெய் எடுப்பேன்? மாத்துச் சாவிய நீங்கதானே குடுத்தீங்க. இன்னா சார், மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தேன். நினைவு வந்த பிறகும் முதலாளியிடம் சொல்லவில்லை. இன்றும் எங்காவது நெய் உருகும் வாசனை வந்தால், அவர் கிடங்கு வாசலில் நின்று சத்தியம் செய்துகொண்டிருக்கிறார்.