மௌரீன் கார்டில் இரண்டு தடவை

லிங்கராஜபுரத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த மௌரீனைப் போன்ற சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் தையல் கடை போட்டிருக்கும் என்னிடம் சில்லறை வாங்கினால்கூட நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கார்டு இல்லாதவர்களிடம் ரொக்கத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் தன் கார்டில் கட்டணம் கட்டுவாள். கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

2009இல் எங்கள் தெரு சரசு அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க வந்தாள். அன்றுதான் கடைசி நாள். அடுத்த முறை அவளுக்கு வயது தாண்டிவிடும். மெயில் ஐடி இல்லை என்றதும், எல்லோருக்கும் போடுவதுபோல் மௌரீன் தன்னுடையதையே போட்டாள். சரசுவிடம் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு தன் கார்டில் கட்டியபோது, பணம் கட்டும் பக்கம் சுற்றிச் சுற்றி வெள்ளையாகிப் போனது. மௌரீன் போனில் மட்டும் பணம் பிடித்த எஸ்எம்எஸ் வந்தது.

"பணம் போச்சா மேடம்? ரசீது எங்க?" சரசுவின் குரல் மாறிவிட்டது.

"ரசீது வரல. மெயிலும் வரல. இரு, எதையும் தொடாத."

"எங்க காச எடுத்துக்கிட்டு நெட்டு மேல பழி போடறீங்களா?"

மௌரீன் விண்ணப்ப எண்ணைப் போட்டு மறுபடி உள்ளே போய்ப் பார்த்தாள். 'கட்டணம் பெறப்படவில்லை' என்றிருந்தது. வங்கிக் கணக்கைத் திறந்து பரிவர்த்தனை எண்ணை எடுத்து, இரண்டு பக்கங்களையும் படம் பிடித்து உதவி மையத்துக்கு மெயில் போட்டாள். அவர்கள் போன் எடுக்கவே இல்லை. விதிமுறையைத் தேடிப் படித்தாள்: பதிவாகாத கட்டணம் கார்டுக்கே திரும்பும், விண்ணப்பதாரர் கடைசி நாளுக்குள் மறுபடி கட்ட வேண்டும்.

சரசுவிடம் இன்னொரு கட்டணத்துக்குப் பணமில்லை. மௌரீன் தன் கார்டை மறுபடி எடுத்தாள். இம்முறை ரசீது வந்தது.

சரசுவுக்கு அதுவே போதாதா! கடனே தராதவள் சும்மா கட்டுவாளா, முதல் பணம் போயே இருக்காது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். கடைப் பக்கம் தலைகாட்டவே இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஹால் டிக்கெட் மௌரீன் மெயிலுக்கு வந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு சரசு வீட்டுக்குக் கிளம்பினாள். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று நானும் கூடப் போனேன்.

சரசு அதைப் பழைய ரசீதோடு வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள்.

"இன்னுமா சந்தேகம்?" என்று நான் பாய்ந்தேன்.

"விடுங்கண்ணா, பாக்கட்டும். அவ வாழ்க்கை அது," என்றாள் மௌரீன்.

எண்கள் சரியாக இருந்தன. சரசு தலை நிமிரவே இல்லை. "அந்த மொத காசு உங்களுக்குத் திரும்ப வந்துடுச்சாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வந்துடுச்சு. நீ நல்லா படி."

வந்திருக்கவில்லை. அன்று காலையில்கூட வங்கியில் அதற்காகச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள்.